பண்ணைக்காட்டு வீட்டிலிருந்து வந்த இரண்டு பாய்களும் ஒரு கூடையும்

2018-ஆம் ஆண்டு டிசம்பரில், கீழ்ப் பழனி மலையில் பண்ணைக்காட்டுக்கு அருகே ஒரு பழைய ஓட்டு வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கொடைக்கானலிலிருந்து பேருந்து பிடித்துப் போனேன். தபால் துறையில் ஓய்வு பெற்ற பிறகு பழைய பாய், கூடை, முறம், கொட்டான் ஆகியவற்றைச் சேர்ப்பது எனக்குப் பழக்கமாகியிருந்தது. வீட்டுச் சாமான்களை மொத்தமாக வாங்கியிருந்த தரகர், பரணிலிருந்து இறக்கிய இரண்டு கோரைப் பாய்களையும் ஒரு மூங்கில் கூடையையும் என் முன்னே வைத்தார். பளிச்சென்று சிவப்பும் பச்சையுமாக இருந்த பாயைக் காட்டி, அது அந்த வீட்டுப் பாட்டியின் கல்யாணப் பாய் என்றும், சப்பங்கக் கட்டைச் சாயம் தோய்த்து நெய்தது என்றும், நூறு வருடத்துக்குக் குறையாது என்றும் சொன்னார். மங்கிப் பழுப்பேறி, கறுப்புக் கோடுகள் எல்லாம் உதிர்ந்துபோயிருந்த மற்றொரு பாயை, "இது பூச்சி அரிச்சது சார், சும்மா வச்சுக்குங்க" என்று தள்ளிவிட்டார். கூடைக்கு அவர் சொன்ன வயது, வெள்ளைக்காரன் காலம். மூன்றுக்கும் சேர்த்து 2,600 ரூபாய் கொடுத்தேன். அந்தத் தொகையில் பெரும்பங்கு பளிச்சென்றிருந்த பாய்க்குத்தான் போனது.

அவர் சொன்னவற்றில் எது சரி, எது தவறு என்பதைக் கண்டுகொள்ள எனக்கு ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது. அதற்குள் நானே என் கையால் கெடுத்தவையும் உண்டு. அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் தவறு வீட்டுக்கு வந்த அன்றே நடந்தது. பளிச்சென்ற பாயில் தூசி படிந்திருக்கிறதே என்று ஈரத்துணியால் ஓரமாகத் துடைத்தேன். வெள்ளைத் துணி கத்தரிப்பூ கலந்த இளஞ்சிவப்பாயிற்று. பக்கத்திலிருந்த வெறும் கோரையிலும் அந்த நிறம் பரவிக் கறையாகி, இன்றுவரை நிற்கிறது. பழைய சாயம் நீரில் இப்படிக் கரையுமா என்று அன்று எழுந்த சந்தேகம்தான் மற்ற எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

சாயத்துக்குப் போவதற்கு முன் நாரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பாய் என்ற ஒரே சொல்லால் நாம் அழைப்பவை பல. தாழம்பாயும் பனையோலைப் பாயும் ஈச்சம்பாயும் கையாலேயே முடையப்படுபவை. அவற்றில் நூல் கிடையாது, ஓலையே நெடுக்காகவும் குறுக்காகவும் ஓடும். ஈச்ச ஓலை நடுவில் மடிந்த வாகுடையது என்பதால், முடைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்த மடிப்பின் கோடு விரலுக்குத் தட்டுப்படும். பனையோலை விறைப்பானது, தாழை மென்மையானது. கோரைப் பாயோ தறியில் நெய்யப்படுவது. நெடுக்கில் நூல் பாவாக ஓட, குறுக்கில் கோரை ஊடையாகச் செல்லும். கோரைத் தண்டு முக்கோண வடிவமானது. அதைக் கீறி, உள்ளே இருக்கும் சோற்றை நீக்கி, நீரில் ஊறவைத்துத்தான் நெய்வார்கள். எனவே கீறிய கோரையின் ஒரு பக்கம் மினுங்கும் தோலாகவும், மறுபக்கம் மினுக்கமற்ற உட்பகுதியாகவும் இருக்கும். கண்ணாடிவில்லை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். பிளாஸ்டிக் பாய்க்கு இந்த இரண்டு முகம் கிடையாது.

கோரையை எவ்வளவு நுண்ணியதாகக் கீறியிருக்கிறார்கள் என்பதே பாயின் தரம். திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் நெய்யப்படும் நுண்பாயைப் பட்டுப்பாய் என்கிறார்கள், துணிபோல் மடியும். ஓர் அங்குல நீளத்துக்கு வெள்ளைத் தாளில் சன்னல் வெட்டி, அதைப் பாயின் மேல் வைத்து, அந்தச் சன்னலுக்குள் எத்தனை கோரை ஓடுகிறது என்று ஊசி முனையால் எண்ணினேன். பளிச்சென்ற பாயில் 16 இருந்தது. தரகர் சும்மா கொடுத்த பாயில் ஐந்து இடங்களில் எண்ணினேன். 42-க்குக் குறையவில்லை, 46-ஐத் தாண்டவில்லை. கல்யாணப் பாய் என்று யாராவது ஒரு பாயைச் சொல்லி வைத்திருந்தால், அது இந்த இரண்டாவது பாயாகத்தான் இருக்க வேண்டும் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

ஆனால் கண்ணுக்குத் தோன்றியதை விட உறுதியான சாட்சி பாவு நூலில் இருந்தது. ஒரு பாயில் எதை வேண்டுமானாலும் பின்னால் மாற்றலாம்: ஓரத் துணியை மாற்றலாம், ஒட்டுப் போடலாம், இரண்டொரு நூலை ஊசியால் செலுத்தலாம். ஆனால் முழுப் பாவையும் மாற்ற வேண்டுமானால் பாயையே பிரித்துத் திரும்ப நெய்ய வேண்டும். அதை யாரும் செய்வதில்லை. ஆகவே பாவு எதனால் ஆனதோ அதற்கு முந்தையதாக அந்தப் பாய் இருக்க முடியாது. பளிச்சென்ற பாயின் நுனியில் தொங்கிய நூலில் அரை அங்குலத்தை வெட்டி, இடுக்கியால் பிடித்துத் தீக்குச்சிச் சுடரின் ஓரத்தில் காட்டினேன். பஞ்சு நூலாக இருந்தால் காகிதம் எரிந்த மணத்தோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலாகியிருக்கும். இதுவோ சுருங்கி, உருகி, ஆறியதும் கடினமான கறுப்பு மணியாகி நின்றது. நைலான் போன்ற உருகும் நூல்கள் நம் ஊர்களில் பரவலாகப் புழங்கத் தொடங்கியது 1960-களுக்குப் பிறகுதான். பாயின் நடுவிலும் மறுமுனையிலும் எடுத்த துணுக்குகளும் அவ்வாறே உருகின. நூறு வருடக் கதை அத்தோடு முடிந்தது. மங்கிய பாயின் பாவு முழுவதும் பஞ்சு.

இனிச் சாயம். இதில் நான் நம்பியிருந்த ஒரு கருத்தை முதலில் கைவிட வேண்டியிருந்தது. மங்கியிருந்தால் இயற்கைச் சாயம், பளிச்சென்றிருந்தால் செயற்கைச் சாயம் என்று பலரும் சொல்கிறார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். செயற்கைச் சாயங்களிலேயே தொடக்க காலத்தில் வந்த சில, மஜந்தா போன்றவை, வெயில் பட்டால் மிக விரைவாக வெளுப்பவை. மஞ்சள் கிழங்குச் சாயமும் அப்படித்தான். மறுபக்கம், படிகாரம் சேர்த்துத் தோய்த்த சாயவேர்ச் சிவப்பு வெளிச்சத்தை நன்றாகவே தாங்கும். எனவே மங்கலின் அளவு எதையும் சொல்லாது. மங்கல் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதுதான் சொல்லும். பாவு நூல் கோரையைக் கடந்து போகும் இடத்தில், நூலுக்கு அடியில் உள்ள மயிரளவு இடத்துக்கு வெளிச்சம் போவதில்லை. நூலை ஊசியால் மெல்ல ஒதுக்கிப் பார்த்தால், நெய்த நாளில் இருந்த நிறத்துக்கு மிக நெருக்கமானதை அங்கே காணலாம். மங்கிய பாயில் செங்கல் பழுப்பாக இருந்த பட்டைகள், நூலுக்கு அடியில் நல்ல கருஞ்சிவப்பாக இருந்தன. பளிச்சென்ற பாயில் மேலும் கீழும் ஒரே நிறம். அது வெளிச்சமே காணாமல் பரணில் சுருண்டு கிடந்திருக்கிறது. பளபளப்பின் காரணம் அவ்வளவுதான்.

அடுத்தது சாயம் எது என்ற கேள்வி. கேரளத்தில் பதிமுகம் என்று குடிநீரில் போட்டுக் கொதிக்க வைக்கிறார்களே, அதுதான் நாம் சப்பங்கம் என்னும் கட்டை. அந்த இளஞ்சிவப்பு நீரில் எலுமிச்சைச் சாறு விட்டால் மஞ்சளாகும். சுண்ணாம்புத் தெளிநீர் விட்டால் ஊதா சாய்ந்த சிவப்பாகும். இந்தக் குணம் கோரையில் ஏறிய பின்னும் ஓரளவு இருக்கும். சோதனையைப் பாயின் மேல் செய்யக் கூடாது. இரண்டு பாய்களிலுமே முறிந்து தொங்கிய சிவப்புக் கோரைத் துணுக்குகள் இருந்தன; ஒவ்வொன்றிலும் இரண்டு துணுக்கை எடுத்து வெள்ளைச் சாசரில் வைத்தேன். ஒன்றின் மேல் ஒரு துளி எலுமிச்சை, இன்னொன்றின் மேல் ஒரு துளி சுண்ணாம்புத் தெளிநீர்.

மங்கிய பாயின் துணுக்கு எலுமிச்சையில் ஐந்து நிமிடத்துக்குள் வைக்கோல் மஞ்சளானது. சுண்ணாம்பு நீரில் இருந்தது ஊதாப் பக்கம் சாய்ந்தது. பளிச்சென்ற பாயின் துணுக்கு எலுமிச்சையில் மாறவே இல்லை; சாறுதான் இளஞ்சிவப்பாயிற்று. சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அதைத் தொட்டதும் சாயம் பஞ்சுக்கு ஓடிவந்தது. ஆனால் ஓர் எச்சரிக்கை. புளிப்பில் நிறம் மாறும் செயற்கைச் சாயங்களும் உண்டு. ஆகவே எலுமிச்சையில் மாறாவிட்டால் சப்பங்கம் இல்லை என்று ஓரளவு துணிந்து சொல்லலாமே தவிர, மாறியதை மட்டும் வைத்துக்கொண்டு சப்பங்கம்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. எலுமிச்சை, சுண்ணாம்பு, நூலடி நிறம், பாவு நூல் ஆகிய நான்கும் ஒரே திசையைக் காட்டியதால்தான் நான் துணிந்தேன். அதற்கு மேல் உறுதி வேண்டுமென்றால் ஆய்வுக்கூடத்தில்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இங்கே இன்னொன்றும் உண்டு. செயற்கைச் சாயம் என்றதும் புதிய பாய் என்று எண்ணிவிடக் கூடாது. மஜந்தா கண்டுபிடிக்கப்பட்டது 1850-களின் கடைசியில். நூறு வருடப் பாயிலும் அது இருக்கலாம். என்னிடம் உள்ள பாயைப் புதியது என்று காட்டிக்கொடுத்தது சாயம் அல்ல, பாவு.

கறுப்புக் கோடுகளைப் பற்றித் தரகர் சொன்னதை இனி எடுத்துக்கொள்கிறேன். பூச்சி அரித்தால் வாய்க்கு அகப்பட்ட இடத்தையெல்லாம் அரிக்கும். ஓட்டைகள் ஒழுங்கின்றி இருக்கும், ஓரங்கள் கடித்தாற்போல் இருக்கும். இந்தப் பாயில் சிவப்புக் கோரையும் சாயமிடாத கோரையும் முழுசாக இருக்க, கறுப்புக் கோரை மட்டும், வரிசை பிசகாமல், கத்தரித்தாற்போல் முறிந்து உதிர்ந்திருந்தது. சில இடங்களில் பாவு நூல் மட்டும் வெறுமனே ஓடியது. எந்தப் பூச்சிக்கும் இவ்வளவு ஒழுக்கம் கிடையாது. பழைய முறையில் கறுப்பு என்பது கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளோடு இரும்பைச் சேர்த்து வரவழைப்பது. பேனா மையின் பழைய செய்முறையும் இதுவே. அந்த இரும்பும் புளிப்பும் நாருக்குள்ளேயே தங்கி, ஈரக்காற்றின் துணையோடு ஆண்டுக்கணக்கில் நாரை இற்றுப்போகச் செய்கின்றன. பழைய துணிகளிலும் கறுப்பு இழைகளே முதலில் உதிர்வதற்கு இதுதான் காரணம். ஆக, தரகர் குறையென்று தள்ளிய இடமே அந்தப் பாயின் வயதுக்கும் சாயத்துக்கும் நல்ல சாட்சியாக நின்றது. இற்றதை மீட்க வழி கிடையாது. பின்பக்கம் மெல்லிய காடாத்துணியைத் தாங்கலாகக் கொடுக்கலாம், அவ்வளவே.

பழுது பார்த்த தடங்களுக்கு வருகிறேன். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்தது இதுதான். நெய்தவர் யார் என்பது பெரும்பாலும் தெரியாது. ஆனால் வைத்திருந்தவர்கள் அதை எப்படி வைத்திருந்தார்கள் என்பதை ஒட்டுகளும் தையல்களும் சொல்லிவிடும்.

மங்கிய பாயின் நீளம் 5 அடி 7 அங்குலம். ஒரு முனையில் ஐந்து வண்ணப் பட்டைகள், மறுமுனையில் இரண்டே. நெய்பவர் இரு முனைகளிலும் ஒரே வரிசையில் பட்டைகளைப் போடுவதே வழக்கம் என்பதால், எதிர் முனை வெட்டப்பட்டிருக்கிறது என்பது உடனே தெரிந்தது. ஐந்து பட்டையுள்ள முனையில் பாவு நூல்கள் இரண்டிரண்டாக முடிச்சிடப்பட்டிருந்தன. இரண்டு பட்டையுள்ள முனையில் முடிச்சே இல்லை, நூல்கள் வெட்டுண்டு துணிக்குள் மடிந்திருந்தன. நல்ல முனையில் ஐந்து பட்டைகளும் அவற்றின் இடைவெளிகளும் சேர்ந்து 7 அங்குலம். கெட்ட முனையில் எஞ்சியிருந்தது இரண்டரை. போனது நாலரை அங்குலம். கூட்டிப் பார்த்தால் பாயின் பழைய நீளம் ஆறடிக்கு அரை அங்குலம் குறைவு. தலைமாட்டுப் பக்கமோ கால்மாட்டுப் பக்கமோ, கறுப்புப் பட்டை உதிர்ந்து முனை கிழிந்தபோது, யாரோ ஒருவர் அதைத் தூக்கி எறியாமல் வெட்டி ஒழுங்குபடுத்தியிருக்கிறார்.

எப்போது வெட்டினார் என்பதையும் ஓரளவு சொல்ல முடிந்தது. இப்போது ஓரத்தில் இருப்பது நீலச் சீட்டித் துணி. தையல் எந்திரத்தில் தைத்தது. அதைச் சற்றுத் தூக்கிப் பார்த்தால் உள்ளே இன்னொரு வரிசைத் துளைகள் இருந்தன. நூல் இல்லாத வெறும் துளைகள், இடைவெளி சீராக இல்லாதவை, கையால் தைத்தவை. மூன்று பக்கங்களில் இந்தப் பழைய துளைகள் உண்டு, வெட்டிய முனையில் இல்லை. அப்படியானால் முதலில் கைத்தையல் ஓரம் இருந்தது, பிறகு வெட்டப்பட்டது, அதற்குப் பிறகே எந்திரத் தையல் ஓரம் வந்தது. ஒரு துளைக்குள் அரிசி முனையளவு நூல் எச்சம் சிக்கியிருந்தது. எரித்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, கண்ணாடிவில்லையில் மட்டும் பார்த்தேன். முறுக்குக் குறைந்து மினுங்கியது, பட்டாக இருக்கலாம். அந்த எச்சத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

கூடை விஷயத்தில் இவ்வளவு பொறுமை எனக்கு இருக்கவில்லை. வாயகலம் 19 அங்குலம், ஆழம் 11 அங்குலம். கரும்பழுப்பாக, அடுப்புப் புகை ஏறிய நிறம். விளிம்பில் நீலப் பிளாஸ்டிக் இழை சுற்றியிருந்தது, அடியில் துருப்பிடித்த கட்டுக்கம்பி முறுக்கியிருந்தது. அசிங்கமாக இருக்கிறது என்று ஒரே மாலையில் இரண்டையும் வெட்டி எடுத்துக் குப்பையில் போட்டேன். அதன் பிறகே ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய், அங்கே முறமும் கூடையும் முடைந்து விற்கும் ஓர் அம்மாவிடம் காட்டினேன். அவர் கூடையைக் கையில் வாங்கிக் கவிழ்த்து, அடியை ஒருமுறை தடவிவிட்டு, நிமிர்ந்து பார்த்தார்.

"கட்டு இருந்திருக்கே, எங்கய்யா?"

"எடுத்துட்டேன்மா. துருப்பிடிச்சிருந்துச்சு."

"அதை எதுக்கு எடுத்தீங்க? அதுதான் எந்தக் கை முதல்ல பட்டுச்சு, எந்தக் கை அடுத்து பட்டுச்சுன்னு சொல்லும்."

நல்ல வேளையாக, வாங்கிய அன்றே என் பேரன் கைப்பேசியில் விளையாட்டாக நாலைந்து படம் எடுத்திருந்தான். அந்தப் படங்களை வைத்துக்கொண்டுதான் மீதியைப் பேசினோம். அன்றிலிருந்து எந்தப் பொருள் வந்தாலும் தூசி தட்டுவதற்கு முன் எட்டுப் படமாவது எடுத்துவிடுகிறேன்: நான்கு பக்கம், உள்ளே, அடி, விளிம்பு, ஒவ்வொரு பழுதுக்கும் கிட்டத்தில் ஒன்று.

அந்த அம்மா காட்டியவற்றில் முதலாவது, கூடையின் உடலும் அடியும் ஒரே மூங்கில் அல்ல என்பது. உடலில் ஓடும் மெல்லிய பத்தைகளில் கணுத்தடம் அரிதாகவே வந்தது. ஒரு பத்தையில் கணுவுக்கும் கணுவுக்கும் இடையே ஒரு கைநீளத்துக்கு மேல் இருந்தது. அப்படி நீண்ட கணுவிடை, மலையாளத்தில் ஈற்ற என்று சொல்லும் நாணல் மூங்கிலுக்கே உண்டு. அடிப் பத்தைகளிலோ ஒரு முழத்துக்குள்ளேயே கணு திரும்ப வந்தது, பத்தையும் தடிப்பு. அது நம் மலையடிவாரத்துக் கல்மூங்கில். "அடி போயி, வேற ஆளு புது அடி கட்டியிருக்கான்" என்றார். புது அடி கட்டும்போது அதன் நுனிகளை மேல்நோக்கி வளைத்து, பழைய நெடுக்குப் பத்தைகளின் பக்கத்திலேயே நான்கு விரல் உயரத்துக்குச் செருகிவிடுவார்களாம். தடவிப் பார்த்தேன், கூடையின் கீழ்ப்பகுதியில் சுற்றிலும் நெடுக்குப் பத்தைகள் இரட்டையாகவும், அதற்கு மேலே ஒற்றையாகவும் இருந்தன. ஓராண்டாக வீட்டில் வைத்திருந்தும் நான் கவனிக்காதது அது.

அடுத்து, பழுதுகளின் வரிசை. எது எதன் மேல் ஏறிப் போகிறதோ அது பிந்தியது. இவ்வளவுதான் விதி. விளிம்பில் ஓரிடத்தில் ஆத்தி நார்க் கட்டு இருந்தது. அது கைபட்டுக் கைபட்டு விளிம்பைப் போலவே வழவழப்பாகிவிட்டது. அடி மாற்றம் அதற்கு முன்னதா பின்னதா என்று சொல்ல முடியாது, இரண்டும் தொட்டுக்கொள்ளவில்லை. கட்டுக்கம்பி புது அடியைச் சுற்றிப் போயிருந்ததால் அது அடிக்குப் பிந்தியது. கம்பியை நான் பிடுங்கிவிட்டாலும் அது இருந்த இடத்தில் மூங்கில் நீலங்கலந்த கறுப்பாகக் கறைபட்டிருக்கிறது. இரும்பும் மூங்கிலின் துவர்ப்பும் ஈரத்தில் சேர்ந்து உண்டாக்கிய கறை, பாயின் கறுப்புச் சாயத்துக்கு உறவு. நேற்றுக் கட்டிய கம்பி இப்படிக் கறை விடாது. பக்கவாட்டில் ஒரு பத்தை முறிந்த இடத்தில் உண்ணிச்செடிக் குச்சியைத் தோலுரித்துச் செருகியிருந்தார்கள். பிளக்காத முழுக் குச்சி, நடுவில் சோறு. கைக்கு மூங்கில் அகப்படாத நாளில் செய்த வேலை. எல்லாவற்றுக்கும் மேலே, கம்பியையும் தாண்டிப் போயிருந்தது நீல இழை. உரச்சாக்கிலிருந்து பிரித்தது அது; படத்தில் அந்தத் தட்டையான நாடா வடிவம் தெரிகிறது. பிளாஸ்டிக் உரச்சாக்குகள் வந்த பிறகும் இந்தக் கூடை வேலையில் இருந்திருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

அடியின் நடுவில் உள்ளங்கையகல வளையமாக மூங்கில் தேய்ந்து மின்னியது. அது சும்மாடு உட்கார்ந்த இடம். தலையில் சுமந்த கூடை. இடுப்பில் வைத்த கூடையானால் ஒரு பக்கவாட்டு மட்டும் மின்னும். தரையில் இழுத்ததானால் அடியின் சுற்றோரம் சிராய்த்திருக்கும். அந்த வளையம் புது அடியின் மேலேயே இருப்பதால், அடி மாற்றிய பிறகும் ஆண்டுக்கணக்கில் அது தலையேறியிருக்கிறது. வெள்ளைக்காரன் காலமா என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை; உடல் பகுதி அவ்வளவு பழையதாக இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மூன்று நான்கு பேர் கையால் பழுது பார்க்கப்பட்டு, பிளாஸ்டிக் உரச்சாக்குக் காலத்திலும் உழைத்த கூடை என்று மட்டும் சீட்டில் எழுதினேன்.

புகை நிறம் உண்மையானதா என்பதையும் அந்த அம்மாவே ஒரு ஊசியால் காட்டினார். இரண்டு பத்தைகள் ஒன்றன்மேல் ஒன்று கடக்கும் இடத்தில் மேற்பத்தையைச் சற்றே நெம்பினால், மறைந்திருந்த பகுதி வெளிறிய வைக்கோல் நிறமாக, கூர்மையான எல்லைக் கோட்டோடு தெரிய வேண்டும். புகை காற்றுப் படும் இடத்தில்தான் படியும். தேயிலைக் கஷாயத்திலோ வேறு கறை நீரிலோ முக்கி எடுத்த கூடையில் சாயம் அந்த மறைவுக்குள்ளும், பத்தையின் வெட்டு நுனிக்குள்ளும் ஊறியிருக்கும். என் கூடை தேறியது. சில மாதங்கள் கழித்து ஒரு கடையில் வாங்கிய இன்னொரு கூடை தேறவில்லை. வெட்டு நுனிகள் எல்லாம் உள்வரை காப்பித் தூள் நிறம். அதில் அழகான ஒட்டு வேலையும் இருந்தது, ஆனால் எல்லா ஒட்டும் வெளிப்பக்கம், கண் படும் உயரத்தில். அடியிலும் கைப்பிடிப்பிலும் ஒன்றுமில்லை. உழைக்கும் கூடை பாரம் விழும் இடத்தில்தான் கிழியும். ஒட்டின் மேல் தேய்மானம் இருக்கிறதா என்று பார்த்தேன். சுற்றியிருந்த நாரின் முனை கூட மழுங்கவில்லை. 900 ரூபாய் போயிற்று. இப்போது அது தோட்டத்துச் சருகு அள்ளப் பயன்படுகிறது, அந்த வேலைக்கு நன்றாகவே இருக்கிறது.

வைத்துக் காப்பதைப் பற்றிச் சுருக்கமாக. பாயை மடிக்கக் கூடாது. மடித்த கோட்டிலேயே கோரை முறியும். துணிக்கடைகளில் சும்மா கிடைக்கும் தடித்த அட்டைக் குழலின் மேல் பழைய பருத்தி வேட்டியைச் சுற்றி, அதன் மேல் பாயைத் தளர்வாகச் சுருட்டி, நிமிர்த்தாமல் படுக்கையாக வைத்திருக்கிறேன். கொடைக்கானல் மூட்டத்தில் பூஞ்சைதான் பெரிய தொல்லை. வெயிலில் போட்டால் பூஞ்சை போகும், சப்பங்கச் சிவப்பும் கூடவே போகும். எனவே சன்னலிலிருந்து விலகிய நிழலில் விரித்து, மென்மையான தூரிகையால் கோரை ஓடும் போக்கிலேயே துடைக்கிறேன். நீர் தொடுவதே இல்லை.

கூடைக்கு வேறு தொல்லை. 2020 மழைக்காலத்தில் அதன் கீழே மைதா மாவுபோல் மெல்லிய தூள் விழுந்திருந்தது, பத்தைகளில் குண்டூசித் தலையளவு துளைகள். மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தேடி வரும் உளுவண்டு. அமாவாசையில் வெட்டிய மூங்கில் உளுக்காது என்று அந்த அம்மா சொன்னார். நிலவைப் பற்றி எனக்கு உறுதியில்லை, ஆனால் தண்டில் மாவுச்சத்துக் குறைந்த பருவத்தில் வெட்டினால் வண்டு குறைவாக வரும் என்பது உண்மை. அடுப்புப் புகையில் இருந்தவரை கூடைக்கு வண்டு அண்டவில்லை. என் கண்ணாடி அலமாரிக்கு வந்த பிறகுதான் அண்டியது. மண்ணெண்ணெய் பூசலாம் என்று ஒருவர் சொன்னார். அது நிறத்தையும் கெடுக்கும், மணமும் போகாது. தெரிந்த ஐஸ்கிரீம் கடைக்காரரிடம் கெஞ்சி, கூடையைத் தடித்த பாலிதீன் உறையில் காற்றை முடிந்தவரை வெளியேற்றி இறுகக் கட்டி, அவருடைய உறைபெட்டியில் பூஜ்யத்துக்குக் கீழே 18 பாகையில் இரண்டு வாரம் வைத்தேன். வெளியே எடுத்ததும் உறையைப் பிரித்துவிடக் கூடாது. பிரித்தால் குளிர்ந்த மூங்கிலின் மேல் நீர் முத்துமுத்தாகப் படியும். ஒரு நாள் முழுக்க அறை வெப்பத்துக்கு வந்த பின்னரே பிரித்தேன். குளிர் அப்போதிருக்கும் வண்டையும் புழுவையும் கொல்லும். பிறகு புதிதாக வருவதைத் தடுக்காது.

அதனால் கூடைக்கு அடியில் ஒரு கறுப்புத் துணி விரித்து வைத்திருக்கிறேன். ஞாயிறு காலையில் சந்தைக்குக் கிளம்பும் முன் அதைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டு மழைக்காலம் சுத்தமாகக் கழிந்தது. சென்ற ஐப்பசியில் துணியில் கடுகளவு தூள் தெரிந்தது. ஐஸ்கிரீம் கடைக்காரரிடம் மறுபடியும் சொல்லி வைத்திருக்கிறேன்.